கோவை பதிப்பில் ராத்திரி டெஸ்கும் விடியல் நிருபரும்: டியூட்டி சார்ட் போடும் முறை

நாளிதழ் அலுவலகத்தில் டியூட்டி சார்ட் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களிலிருந்து தொடங்குகிறார்கள். இத்தனை நிருபர்கள், இத்தனை உதவி ஆசிரியர்கள், இதை மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஆயிற்று என்று. அப்படிப் போட்ட சார்ட் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்கு ஐந்து பக்கங்கள் ஒரே நேரத்தில் சீஃப் சப் மேஜையில் வந்து நிற்கும். விடிகாலை மூன்றரை மணிக்கு நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்தால் போனை எடுக்க ஆள் இருக்காது.

சார்ட்டைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கடைக்கோடி ஊரில் பேப்பர் போடும் பையன் சைக்கிளை எடுக்கும் நேரம்தான் தொடக்கம். கோவையில் அச்சாகி நீலகிரி, வால்பாறை, ஈரோடு, திருப்பூர், மாநகர் என்று போகும் ஒரு பதிப்பை வைத்து இதை விளக்குகிறேன். ஒரே அச்சு இயந்திரம், மூன்று எடிஷன் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் நேரங்கள் கொஞ்சம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் வண்டி, அப்புறம் பக்கம்

கூடலூரில் காலை 5.30க்கு பேப்பர் போட ஆட்கள் கிளம்புகிறார்கள் என்றால், முகவர் கையில் பார்சல் 5.15க்காவது இருக்க வேண்டும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர், ஊட்டி என்று ஒவ்வொரு இடத்திலும் பேப்பர் கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும் வண்டிக்கு கூடலூர் சேர ஐந்து மணி நேரம் வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பக்கம் ஆழியாற்றுக்கு மேலே 40. டிரைவரை அவசரப்படுத்தி நேரம் சம்பாதிக்கக் கூடிய இடம் இல்லை இது. ஆகவே வண்டி 12.15க்குக் கிளம்பியாக வேண்டும். அச்சடித்து, எண்ணி, கட்டுப்போட ஒரு மணி நேரம். 11.15க்கு இயந்திரம் ஓட வேண்டும். பிளேட் எடுத்து மாட்ட அரை மணி நேரம். அப்படியானால் முதல் எடிஷனின் கடைசிப் பக்கம் 10.45க்கு டெஸ்க்கை விட்டுப் போயிருக்க வேண்டும்.

இதே கணக்கில் ஈரோடு, திருப்பூர், தாராபுரம் எடிஷனுக்குக் கடைசிப் பக்கம் 12.00. வண்டி 1.30க்குக் கிளம்பும். கோவை மாநகருக்கு 1.15. ஒரே இயந்திரம் என்பதால் இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை. முதல் எடிஷன் 20 நிமிடம் தாமதித்தால் அது மலைக்குப் போகும் வண்டியோடு நிற்காது, ஈரோட்டு வண்டியையும் தள்ளும். ‘ஒரு பத்து நிமிஷம்தானே’ என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சங்கிலி தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த மூன்று நேரங்களையும் வண்டிகள் கிளம்பும் நேரங்களையும் சார்ட்டின் தலையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

10.45 என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்

பல அலுவலகங்களில் எல்லோருக்கும் சொல்லப்படும் டெட்லைன் ஒன்றே ஒன்று: 10.45. எல்லோரும் அந்த நேரத்தை நோக்கி ஓடி, எல்லாப் பக்கமும் 10.30க்கு முடிகிறது. ஒரு பக்கத்தைத் தலைப்பு, படக்குறிப்பு, பெயர், வயது, தொகை என்று சீஃப் சப் கடைசியாக ஒரு தடவை ஒழுங்காகப் படிக்க 12 நிமிடமாவது ஆகும். செய்தி மாறிக்கொண்டிருக்கும் பக்கங்கள் ஐந்து என்றால் ஒரு மணி நேரம். 10.30க்கு ஐந்தும் வந்தால் ஒன்று படிக்காமல் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நிற்கும்.

ஆகவே அந்த ஐந்து பக்கங்களுக்கும் தனித்தனி நேரம்: 9.45, 10.00, 10.15, 10.30, 10.45. முதல் பக்கம்தான் கடைசி. நீலகிரி, பொள்ளாச்சி வட்டாரப் பக்கங்கள் முதலில் போக வேண்டும், ஏனென்றால் அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை மாலைக்குள் முடிந்துவிடுபவை. விளம்பரம், ஆன்மிகம், வாரப்பகுதி எல்லாம் மாலை ஆறு மணிக்கே மதிய ஷிப்ட் முடித்துவிட வேண்டும். ராத்திரி ஆட்கள் அவற்றைத் தொடவே கூடாது.

இந்த ஐந்து நேரமும் நிருபர்களின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 9.45க்குப் போக வேண்டிய பக்கத்துக்கான செய்தி 8.00க்குள் வந்தால்தான் திருத்தி, வடிவமைத்து, மெய்ப்பு பார்க்க முடியும். நீலகிரி நிருபர்களுக்கு 7.30, பொள்ளாச்சி, வால்பாறைக்கு 8.00, திருப்பூர், ஈரோட்டுக்கு 8.30, கோவை மாநகருக்கு 9.00 என்று அரை மணி நேர இடைவெளியில் வைத்தால் செய்திகள் டெஸ்குக்கு ஒரே கொத்தாக வந்து விழாது. இதற்கு அப்புறம் நடப்பது எதுவானாலும் எழுதி அனுப்ப வேண்டாம், போனில் சொல்ல வேண்டும். டெஸ்கில் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வார்.

மழைக்காலத்தில் ஒரு சேர்க்கை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், வால்பாறையில் மின்சாரமும் சிக்னலும் போய்விடும். நிருபர் கூப்பிடுவார் என்று காத்திருக்காமல், 9.30க்கு டெஸ்க்கே கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவது என்பதும் சார்ட்டில் பெயரோடு இருக்க வேண்டும்.

ராத்திரி டெஸ்க்கை இரண்டு தொகுதியாகப் பிரிப்பது

1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நான்கு வாரங்களுக்கு 144 மணி நேரம் என்ற உச்ச வரம்பையும், ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வையும் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பும் இந்த இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறது. பழைய சட்டத்தின் 1957 விதிகள் டெஸ்க் ஆட்களுக்குப் பகல் ஷிப்ட் 6 மணி நேரம், ராத்திரி ஷிப்ட் ஐந்தரை மணி நேரம் என்றன. ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார வைக்காமல் அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்றும் சொன்னது. பல வருடம் சார்ட் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அளவுகள் நியாயமானவை. தவறான பெயர்களும் விட்டுப்போன பூஜ்யங்களும் அதிகம் வருவது இடைவேளை கொடுக்காத ராத்திரிகளில்தான்.

நம் மூன்று நேரங்களோடு இதைப் பொருத்திப் பார்ப்போம். முதல் தொகுதி: சீஃப் சப்பும் நான்கு உதவி ஆசிரியர்களும், இரவு 7.45 முதல் 1.45 வரை. இடைவேளை 10.45 முதல் 11.15. முதல் எடிஷன் போன அந்த நிமிடமே அவர்கள் எழுந்து சாப்பிடப் போகலாம், மூன்று மணி நேரமும் சரியாக முடிந்திருக்கும். இரண்டாம் தொகுதி: ஒரு மூத்தவர் உட்பட இரண்டு உதவி ஆசிரியர்கள், இரவு 9.00 முதல் 3.00 வரை. முதல் தொகுதி சாப்பிடும் அரை மணி நேரம் டெஸ்க் இவர்கள் கையில். இவர்களுக்கு இடைவேளை ஈரோடு எடிஷன் போனதும், 12.00 முதல் 12.30 வரை.

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு பயன் உண்டு. மாநகர் எடிஷனின் முதல் பிரதிகள் 1.45க்கு மேல் வெளிவரும்போது, முதல் தொகுதி கிளம்பிவிடும். அந்தப் பிரதியைப் புரட்டிப் பார்க்கவும், பெரிய தவறு இருந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லவும் இரண்டாம் தொகுதி இருக்கும். பிரதி பார்க்காமல் வீட்டுக்குப் போகிற டெஸ்க்கில் முதல் பக்கத்தில் நேற்றைய தேதி அச்சாகி ஊர் முழுக்கப் போன கதைகள் பத்திரிகை உலகில் எல்லோருக்கும் தெரியும்.

144ஐ எண்ணிப் பார்த்தால்

வாரம் ஆறு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், நான்கு வாரம்: சரியாக 144. மதிய ஷிப்டிலேயே மாதம் முழுக்க இருப்பவருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை. இரண்டு வாரம் ராத்திரி, இரண்டு வாரம் மதியம் என்றால் 66ம் 72ம் சேர்ந்து 138. மிச்சம் ஆறு மணி நேரம். தேர்தல் எண்ணிக்கை, பெரிய விபத்து, அணை திறப்பு என்று திடீரென்று நீளும் ராத்திரிகளுக்கு உங்களிடம் இருக்கும் இருப்பு அவ்வளவுதான். அதை மாத முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால், அடுத்து வரும் நீளமான ராத்திரிக்கு மாற்று ஓய்வு கொடுத்தே ஈடுகட்ட வேண்டும். எனவே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மிச்ச மணி நேரம் என்று ஒரு பத்தி வையுங்கள். ‘இன்னைக்கு யாரு கொஞ்சம் இருக்கீங்க’ என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் அதே நல்ல மனுஷன்தான் இருப்பார். அந்தப் பத்தியைப் பார்த்துக் கேட்டால் சுமை பகிர்ந்துபோகும்.

1957 விதிகளின்படி ராத்திரி ஷிப்ட் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, பதினான்கு நாளில் ஒரு வாரம்தான். ராத்திரியிலிருந்து பகலுக்கு மாறும்போது 24 மணி நேர இடைவெளி வேண்டும். இங்கேதான் சார்ட்டில் ஒரு ஓட்டை விழும். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிவது ஞாயிறு அதிகாலை 1.45. ஞாயிறு விடுமுறை என்று எழுதிவிட்டு, திங்கள் காலை ஒன்பது மணிக்கு மாநகராட்சிக் கூட்டத்துக்கு அனுப்பினால் தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அவர் ஞாயிறு பகலைத் தூங்கியே கழித்திருப்பார், ராத்திரி தூக்கம் வந்திருக்காது. திங்கள் மதியம் 2.30க்கு வரச் சொன்னால் கிட்டத்தட்ட 37 மணி நேரம் கிடைக்கும். ஆள் ஆளாக வந்து சேருவார்.

விடியற்காலை என்ற பள்ளம்

கொங்கு மண்டலத்தின் பெரிய துயரங்கள் சில, பேப்பர் அச்சாகிப் போன பிறகுதான் நடந்திருக்கின்றன. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ்ஸில் கன்டெய்னர் லாரி மோதி 19 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23 அதிகாலை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்னால் கார் வெடித்தது. மூன்றும் ராத்திரி டெஸ்க் தூங்கப் போன பிறகு, காலை நிருபர் எழுவதற்கு முன்னால். அச்சுப் பேப்பருக்கு இவை மறுநாள் செய்தி. ஆனால் இணையதளத்துக்கு அந்த நிமிடச் செய்தி, மறுநாள் பேப்பரின் பக்கங்களைத் திட்டமிடுவதும் அப்போதே தொடங்கிவிடுகிறது.

எனவே ஒரு நிருபருக்கு விடியல் ஷிப்ட்: அதிகாலை 3.00 முதல் 9.00 வரை, 6.00க்கு அரை மணி நேர இடைவேளை. ராத்திரி டெஸ்கின் இரண்டாம் தொகுதி 3.00க்குக் கிளம்பும்போது இவர் கையில் எடுப்பதால் பள்ளம் மூடிவிடும். முதல் இரண்டு மணி நேரம் வீட்டிலிருந்தே செய்யலாம், வேலை போனில்தான். மாநகரக் காவல் கட்டுப்பாட்டு அறை, மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைகள், தீயணைப்பு நிலையங்கள், அரசு மருத்துவமனை புறக்காவல் நிலையம், ரயில்வே போலீஸ் என்று ஒரு சுற்று. அடுத்த சுற்று 4.30, அதற்கடுத்தது 6.30. யானை ஊருக்குள் வந்த செய்தி தடாகம், மருதமலைப் பக்கத்திலிருந்து இந்த நேரத்தில்தான் வரும், வனத்துறை எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும். இந்த ஷிப்டையும் ராத்திரி ஷிப்டாகவே எண்ணுங்கள், ஐந்தரை மணி நேரம், பதினான்கு நாளில் ஒரு வாரம். நிருபர்களுக்கு வார வரிசை விடியல், மதியம், இரவு, மதியம் என்று போனால் உடம்பு தாங்கும். இரவு வாரத்துக்கு அடுத்து நேராக விடியல் வாரம் வேண்டாம்.

விடியல் ஆள் தனியாக எழுதி, தனியாகவே இணையதளத்தில் ஏற்றினால் ஆபத்து. ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த இறப்பு எண்ணிக்கை அப்படியே தலைப்பாகிவிடும். அன்றைய செய்தி ஆசிரியர் பெயரும் எண்ணும் சார்ட்டில் இருக்க வேண்டும், இறப்பு, மதம், சாதி தொடர்பான எந்தச் செய்தியும் அவரை எழுப்பிக் கேட்காமல் போகக் கூடாது. எழுப்பினால் திட்டு விழும் என்ற பயம் நிருபருக்கு இருந்தால் இந்த ஏற்பாடு வேலை செய்யாது.

ராத்திரி நிருபர் கிளம்புவதற்கு முன்னால் விடியல் ஆளுக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். நீளம் வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

‘சூலூர் குடோன் தீ: அணைந்தது, காயம் இல்லை, சேத மதிப்பு தெரியவில்லை. மாநகர் எடிஷனில் 6 வரி போயிருக்கிறது. காலையில் தீயணைப்பு அலுவலரிடம் கேட்கணும். ஜி.எச்.சில் அடையாளம் தெரியாத ஆண் ஒருவர், பைக் விபத்து, சிகிச்சையில். பெயர் உறுதி இல்லை, போட வேண்டாம்.’

எது போயிருக்கிறது, எது உறுதியில்லை, யாரைக் கேட்பது. இந்த மூன்றும் இல்லாத குறிப்பு பயன்படாது.

முன்கூட்டியே தெரிந்த விடியல்களும் உண்டு. பண்ணாரி குண்டம் இறங்குவது விடிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். சத்தியமங்கலம் நிருபரும் புகைப்படக்காரரும் நள்ளிரவிலேயே அங்கே இருந்தாக வேண்டும். அவர்களை முந்தைய நாள் மதியமே விடுவித்து, அந்த வட்டாரச் செய்தியை ஈரோடு நிருபரிடம் ஒப்படைக்க வேண்டும். இதை இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள்.

ஒரு ராத்திரியை ஓட்டிப் பார்ப்போம்

ராத்திரி 11.40. அவிநாசி பைபாஸில் ஒரு வேனும் லாரியும் மோதிவிட்டதாகப் பகுதிநேர நிருபர் கூப்பிடுகிறார். ‘ஏனுங்ணா, நாலு பேருன்னு சொல்றாங்க, ஆனா பேரு ஒண்ணும் கிடைக்கலீங்க.’ மலை எடிஷன் போய்விட்டது. ஈரோடு, திருப்பூர் எடிஷனுக்கு 20 நிமிடம்.

முதல் தூண்டுதல் கோவையிலுள்ள ராத்திரி நிருபரை அவிநாசிக்கு அனுப்புவது. வேண்டாம். 40 கிலோமீட்டர், அவர் போய்ச் சேரும்போது 12.30 தாண்டிவிடும், அதற்குள் காயமடைந்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பார்கள். அவர் கோவை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். களத்தில் அவிநாசி ஆள் இருக்கட்டும், திருப்பூர் நிருபர் திருப்பூர் அரசு மருத்துவமனையையும் போலீஸையும் பார்க்கட்டும். மூன்று பேரும் டெஸ்கில் ஒரே ஒருவரிடம்தான் பேச வேண்டும். இரண்டாம் தொகுதியின் மூத்தவர் அவர். 12.00 இடைவேளை அவருக்குத் தள்ளிப்போகிறது, 12.15க்கு சீஃப் சப் அந்த இடத்தில் உட்கார்ந்து அவரை அனுப்புகிறார்.

12.00 எடிஷனில் நான்கு வரிப் பெட்டி, முதல் பக்கத்தில்: எங்கே, எந்த நேரம், எந்த வண்டிகள், மீட்புப்பணி நடக்கிறது. எண்ணிக்கையைப் போலீஸ் உறுதி செய்யாததால் ‘பலர் காயம்’ என்று மட்டும். பக்கத்தை நிறுத்திவைக்கும் உரிமை செய்தி ஆசிரியர் ஒருவருக்குத்தான், அதுவும் பத்து நிமிடம் வரை. அதற்கு மேல் போனால் 1.30 வண்டி தாராபுரத்தில் ஆட்கள் கிளம்பிய பிறகு சேரும். மாநகர் எடிஷனுக்கு 12.50க்குள் பெயர்கள், 1.00க்குப் பக்கம் வடிவமைப்பு, 1.15க்குக் கடைசிப் பக்கம். பெயர் மருத்துவமனைப் பதிவிலிருந்தோ போலீஸிடமிருந்தோ வந்தால் மட்டும்.

மூன்று மணிக்கு விடியல் ஆள் எடுத்துக்கொள்கிறார். காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு, ராத்திரி வேலை பார்த்தவரையே பிரேதப் பரிசோதனை நடக்கும் இடத்துக்கும் கூப்பிடலாம் என்று தோன்றும், விவரம் அவருக்குத்தான் தெரியும் என்பதால். குறிப்பு இருக்கிறது, போதும். அவருக்கு 12 மணி நேரம் ஆகாமல் போன் அடிக்காதீர்கள். மதிய ஷிப்ட் நிருபர்கள் நான்கு பேரில் இரண்டு பேரைக் காலை பத்து மணிக்கே வரச் சொல்லலாம். மாலை நாலு மணிக்கு அவர்களை அனுப்பிவிட வேண்டும். நான்கு பேரையும் இழுத்தால் அன்று மாலை ஊரில் நடப்பதைப் பார்க்க ஆள் இருக்காது.

சார்ட் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஒவ்வொரு பக்கத்துக்கும் குறித்த நேரம், போன நேரம், தாமதக் காரணம் என்று மூன்றே பத்திகளில் ஒரு பதிவு வையுங்கள். பிளேட் பிரிவினரிடம் கேட்டால் போன நேரம் கிடைக்கும். இரண்டு வாரம் பார்த்தால் போதும். 9.45 பக்கம் தொடர்ந்து 10.10க்குப் போகிறது என்றால் டெஸ்கில் ஆள் போதவில்லை என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த வட்டாரச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும். முதல் பக்கம் மட்டும் தாமதிக்கிறது என்றால் சென்னையிலிருந்து வரும் தலைப்புச் செய்தி மாறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அதை இங்கே ஆள் சேர்த்துச் சரி செய்ய முடியாது, அந்த இடத்துக்கு ஒரு மாற்றுச் செய்தியை 10.15க்குத் தயாராக வைக்கலாம்.

இன்னொரு சோதனை: ஈரோடு எடிஷனையும் மாநகர் எடிஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து ஒரு வாரம் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், 12.00க்கு அப்புறம் டெஸ்க்கும் ராத்திரி நிருபரும் உட்கார்ந்திருப்பதற்குப் பயன் இல்லை. நிருபரின் நேரத்தை மாற்றுங்கள், அல்லது அவர் என்ன சுற்று போகிறார் என்று கேளுங்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்கான சார்ட் வியாழக்கிழமைக்குள் எல்லோர் கையிலும் இருக்கட்டும். முகூர்த்த நாட்களில் விடுப்புக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஆவணியும் தையும் வந்தால் பாதி டெஸ்க் கல்யாணத்துக்குக் கிளம்பும். ஷிப்ட் மாற்றிக்கொள்வதை அனுமதிக்கலாம், ஒரு நிபந்தனையோடு: ராத்திரிக்கு ராத்திரி, பகலுக்குப் பகல். மதியம் வேலை பார்த்தவர் நண்பருக்காக அதே ராத்திரியும் உட்காருவதை மட்டும், எவ்வளவு நல்ல மனதோடு கேட்டாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள்.